பார்த்தவரிடம் மட்டும் கேட்பதா, பார்க்காதவரிடமும் கேட்பதா?

ஒரு தமிழ்த் தொடர்நாடகத்தில் அம்மா தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் பிஸ்கட் பக்கெட் ஒன்றைப் பிரித்து வைக்கிறார். பக்கெட்டில் உள்ள பெயர் நான்கு வினாடி தெளிவாகத் தெரிகிறது. அந்த நான்கு வினாடிக்கு பிஸ்கட் நிறுவனம் காசு கொடுத்திருக்கிறது. பெயர் மனதில் பதிந்ததா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாடகத்தைப் பார்த்தவர்களிடம் பிராண்ட் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, எவற்றைக் கண்டீர்கள் என்று கேட்பது. மற்றது, அதே நாடகத்தை, பக்கெட்டில் பெயர் இல்லாத பிரதியாகப் பார்த்த இன்னொரு குழுவிடமும் அதே கேள்வியைக் கேட்டு, இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பலனாகக் கொள்வது. எங்கள் சார்பு இரண்டாவதன் பக்கம். முதலாவது தரும் எண்ணைப் பார்த்து அடுத்த ஆண்டுக்கான பணத்தை ஒதுக்கும் நிறுவனம் கண்ணைக் கட்டிக்கொண்டு செலவழிக்கிறது.

விற்பனையைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 1982இல் வெளிவந்த 'ஈ.டி.' படத்தில் ரீஸஸ் பீஸஸ் மிட்டாய் வந்த பிறகு அதன் விற்பனை 65 சதவீதம் கூடியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் படத்தைக் காட்டி மிட்டாயை விளம்பரப்படுத்துவதற்கென்றே ஹேர்ஷி நிறுவனம் பத்து இலட்சம் டொலர் ஒதுக்கியிருந்தது. கூடிய விற்பனையில் காட்சிக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. நம் ஊரில் பண்டிகைக் காலமும் கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

முதல் வழியின் நன்மை வெளிப்படையானது. மலிவு, ஓரிரு நாளில் முடியும், ஒரே வினாக்கொத்து போதும். அதன் கோளாறு விடை சொல்பவரின் மனதில் இருக்கிறது. பட்டியலில் மலிபன், மன்ச்சி போன்ற பெயர்கள் இருந்தால், நாடகத்தில் எந்த பிஸ்கட்டும் வராவிட்டாலும் பலர் அவற்றுக்குப் புள்ளடி போடுவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பிஸ்கட் ஒன்று வந்தது என்று மங்கலாக ஞாபகம் இருக்கும். தினமும் கடையில் காணும் பெயரை மனம் அந்த இடத்தில் வைத்துவிடும். ஆகவே பிராண்ட் எவ்வளவு பிரபலமோ, அவ்வளவு பெரிய எண் இந்த வழியில் கிடைக்கும். காட்சி நன்றாக வேலை செய்ததால் வந்த எண் அல்ல அது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பெயர் தெரியும் பிரதியை 120 பேர் பார்க்கிறார்கள். அவர்களில் 54 பேர், அதாவது 45 சதவீதம், நம் பிராண்டைக் கண்டதாகச் சொல்கிறார்கள். முதல் வழியில் அறிக்கை இத்துடன் முடிந்துவிடும்: 'கிட்டத்தட்ட பாதிப்பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.' இப்போது அதே அத்தியாயத்தை, பக்கெட்டில் பெயர் இல்லாத பிரதியாக, வேறு 120 பேர் பார்க்கிறார்கள். அவர்களில் 36 பேரும், அதாவது 30 சதவீதமும், கண்டோம் என்கிறார்கள். திரையில் இல்லாத பெயரைக் கண்டவர்கள் இவர்கள். எனவே காட்சி சேர்த்தது 15 புள்ளிதான். சும்மாவே ஆம் என்று சொல்லக்கூடியவர்களை விலக்கி, மிஞ்சிய 70 சதவீதத்தில் எத்தனை பேருக்குக் காட்சி உண்மையில் பதிந்தது என்று மதிப்பிட, கணக்கு இப்படி வரும்:

```
(45 - 30) / (100 - 30) = 0.21
```

பாதிப்பேர் என்று தொடங்கியது ஐந்தில் ஒருவராகக் குறைந்துவிட்டது. காட்சியின் விலையைப் பேச வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

குழுவின் அளவிலும் கவனம் தேவை. குழுவுக்கு 120 பேர் என்றால், அந்த 15 புள்ளி வித்தியாசத்தின் வழு எல்லை ஏறத்தாழ 12 புள்ளி. உண்மையான பலன் 3இலிருந்து 27 வரை எங்கும் இருக்கலாம். பலன் உண்டு என்று சொல்லலாம், அதற்கு மேல் துல்லியம் கிடையாது. இதே சதவீதங்கள் குழுவுக்கு 60 பேரிடம் வந்திருந்தால் எல்லை 17 புள்ளிக்கு விரிந்து பூச்சியத்தையும் தொட்டுவிடும். அப்போது ஒன்றுமே நிரூபணமாகாது. பணம் குறைவு என்பதற்காக ஆட்களைக் குறைப்பதை விடக் கேள்விகளைக் குறைப்பது நல்லது.

'பெயர் இல்லாத பிரதிக்கு எங்கே போவது?' என்பதுதான் இரண்டாவது வழிக்கு எதிராக வரும் முதல் மறுப்பு. படப்பிடிப்புக்கு முன்பே கேட்டால் இது பெரிய வேலையல்ல. அதே நிறத்தில், அதே அளவில், பெயர் அச்சிடாத பக்கெட் ஒன்றை அச்சகத்தில் செய்து கொடுத்து, அந்தக் காட்சியை இன்னொரு தடவை எடுத்துத் தரும்படி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வெளிச்சமும் கமராவும் நடிகரும் ஏற்கெனவே தயாராக இருப்பதால் மேலதிகமாகச் செல்லும் நேரம் குறைவு. பெயரை நடிகர் வாயால் சொல்வதாக இருந்தால், வெறுமனே 'பிஸ்கட்' என்று சொல்லும் வசனத்தையும் அன்றே பதிவுசெய்ய வேண்டும். படப்பிடிப்பு முடிந்த பிறகு கேட்டால் காட்சியை வெட்டுவதைத் தவிர வேறு வழியிராது. வெட்டினால் கதை தாவும், தாவலைக் கண்ட பார்வையாளரின் கவனம் வேறாகிவிடும், இரண்டு குழுக்களையும் ஒப்பிட முடியாமல் போகும். கிறிஸ்டல் ரஸல் 2002இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு நகைச்சுவை நாடகத்தையே புதிதாக எழுதி, நடிக்கவைத்துப் பதிவுசெய்தார். பிராண்ட் வரும் விதத்தைத் தன் விருப்பப்படி மாற்றிப் பார்ப்பதற்காகவே அவ்வளவு பாடுபட்டார்.

அந்த ஆய்வின் முடிவு விளம்பரக்காரர் எல்லோரும் அறிய வேண்டியது. காதால் கேட்ட பெயர் கண்ணால் மட்டும் பார்த்த பெயரை விட நன்றாக நினைவில் நின்றது. கண்ணால் பார்க்கும் பெயர் நிற்க வேண்டுமென்றால் பொருள் கதையோடு பின்னியிருக்க வேண்டும். கதைக்குத் தேவையில்லாமல் வசனத்தில் நுழைந்த பெயரும் நினைவில் நின்றது. ஆனால் பார்வையாளரின் மனம் பிராண்டின் பக்கம் சாய்ந்தது, பெயர் வரும் விதமும் கதையில் அதற்குள்ள பங்கும் பொருந்தி வந்த இடங்களில்தான். அதாவது, துருத்திக்கொண்டு நிற்கும் காட்சி நினைவுக் கணக்கில் வென்று, விருப்பக் கணக்கில் தோற்கலாம்.

வினாக்கொத்தின் வரிசையும் விளைவை மாற்றும். முதலில் கதையைப் பற்றி மூன்று, நான்கு கேள்விகள் கேளுங்கள். விடையளிப்பவருக்கு நோக்கம் தெரியக்கூடாது. பிறகு, 'பிஸ்கட் என்றதும் உங்களுக்கு வரும் பெயர்களைச் சொல்லுங்கள்' என்று பட்டியல் காட்டாமல் கேட்டு, சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் கடைசியில்தான் வர வேண்டும். அதில் நாடகத்தில் வராத இரண்டு பெயர்களாவது இருக்கட்டும், ஒன்று பிரபலமானது, மற்றது கடையில் இருந்தும் அதிகம் பேர் அறியாதது. இரண்டாவதற்கும் பலர் புள்ளடி போட்டால், அந்த நேர்காணலாளர் அவசரப்படுத்தியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவருடைய தாள்களைத் தனியே பாருங்கள். பட்டியலை முதலில் காட்டிவிட்டுப் பிறகு 'மனதில் வருவதைச் சொல்லுங்கள்' என்று கேட்ட தாள்கள் எதற்கும் உதவா.

தொலைக்காட்சி நாடகத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அதே நிறுவனமே அனுசரணையாளராக இருந்தால், 'இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்' என்று தொடக்கத்திலேயே பெயர் வாசிக்கப்படும், இடைவேளையில் அதன் விளம்பரமும் ஓடும். வீட்டில் பார்த்தவரிடம் மறுநாள் தொலைபேசியில் கேட்டால், எதை நினைவில் வைத்துப் பேசுகிறார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஒளிபரப்புக்கு முன், அனுசரணை அறிவிப்பையும் விளம்பரங்களையும் நீக்கிய பிரதியை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மண்டபத்தில் திரையிட்டுக் கேட்பதே சுத்தமான வழி. யார் எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். மாலை நேரத்தில் ஒரு பிரதி, காலையில் மற்றது என்று வைத்தால் ஒரு பக்கம் வேலைக்குப் போவோரும் மறுபக்கம் வீட்டிலிருப்போரும் சேர்ந்துவிடுவார்கள். மண்டபத்தில் மக்கள் வீட்டை விடக் கூர்ந்து பார்ப்பார்கள் என்பதால், கிடைக்கும் வித்தியாசத்தை உச்ச அளவாகவே கொள்ள வேண்டும்.

திரைப்படத்தில் இரண்டாவது வழியை அப்படியே செய்ய முடியாது, தயாரிப்பாளர் இரண்டு பிரதி தரமாட்டார். அங்கே கிட்டத்தட்ட அதே பலனைத் தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. வெள்ளவத்தை சவோய் போன்ற ஒரு அரங்கில், ஒரே காட்சிக்கு உள்ளே போகக் காத்திருப்பவர்களில் ஒரு பகுதியினரிடமும், முடிந்து வெளியே வருபவர்களில் வேறு ஆட்களிடமும் கேட்பது. ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்டால், முதல் கேள்வியே பிராண்டைத் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிடும். உள்ளே போகிறவரிடம் 'படத்தில் கண்டீர்களா' என்று கேட்க முடியாது. எனவே இரு சாராரிடமும் பட்டியல் இல்லாத 'மனதில் வருவது' கேள்வி மட்டுமே. படத்துக்கு முன் திரையில் ஓடும் விளம்பரங்களில் நம் பிராண்ட் இருந்தால் அன்றைய தாள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த ஏற்பாடு இரு பிரதி முறையளவு உறுதியானதல்ல, ஆனாலும் வெளியே வருபவரிடம் மட்டும் கேட்பதை விடப் பல மடங்கு மேல்.

முதல் வழியே போதுமான ஓர் இடமும் உண்டு. சந்தைக்கே வராத, யாரும் கேட்டிராத புதுப்பெயர் என்றால், ஊகித்துச் சொல்ல ஆளிருக்காது. அப்போது இன்னொரு குழுவுக்காகச் செலவழிப்பது வீண்.

நினைவை இவ்வளவு சிரத்தையாக அளந்த பிறகும் ஒன்று மிஞ்சும். ஷர்மிஸ்தா லாவும் கத்ரின் பிரௌனும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், காதால் கேட்காமல் கண்ணில் மட்டும் பட்ட பொருட்கள் நினைவில் மிகக் குறைவாக நின்றன. ஆனால் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அதிகம் பாதித்தவை அவைதான். வட அமெரிக்காவில் செய்த ஆய்வு என்பதால் கொட்டாஞ்சேனை இல்லத்தரசிக்கும் அதே அளவில் பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டோம். ஆனாலும் அலமாரியில் பின்னணியாக மட்டும் வரும் பக்கெட்டை நினைவுக் கேள்வியை வைத்து மட்டும் தோல்வி என்று எழுதுவது தவறு என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நேர்காணல் முடிந்ததும், வந்ததற்கு நன்றியாக இரண்டு பிராண்ட் பக்கெட்டுகளை நீட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வலது, இடது இடங்களை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கைக்கு எட்டிய பக்கமே வெல்லும். எடுத்ததைத் தாளின் மூலையில் குறித்து, இரண்டு குழுக்களிலும் நம் பக்கெட்டை எடுத்தவர்களின் விகிதத்தை முன்னைய கணக்கைப் போலவே கழித்துப் பாருங்கள்.