கூப்பனோடு நடப்பதா, வருடத்தோடு நடப்பதா? திறைசேரி முறியின் பிரீமியத்தைக் கழிக்கும் வழிகள்

அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலைக் கம்பனியின் கணக்கு என் கையில் இருக்கிறது. ஆலையைப் பெரிதாக்க ஒதுக்கிய காசு மூன்று வருடம் கழித்துத்தான் தேவைப்படும் என்று ஆனதும், முதலாளி அதைத் திறைசேரி முறியில் போட்டார். முதல் வருடக் கணக்கை அவரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்டது இதுதான்: "என்ன தம்பி, வட்டி பன்ரெண்டு இலட்சம் வந்திரிக்கு, நீங்க பத்தரைக்குக் கிட்டத்தான் எழுதிரிக்கீங்க?"

அந்தக் கேள்விக்குள்தான் பிரீமியம் இருக்கிறது. முறியின் முகப்பெறுமதி ஒரு கோடி ரூபாய். கூப்பன் வருடத்துக்கு 12 வீதம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 600,000 ரூபாயாக வரும். வாங்கிய நாளில் சந்தை விளைவு 10 வீதம். ஆகவே ஒரு கோடிக்கு அது கிடைக்கவில்லை, 10,507,569 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. மேலதிகமாகக் கொடுத்த 507,569 ரூபாய்தான் பிரீமியம். முதிர்வன்று திரும்பி வருவது ஒரு கோடி மட்டும். அப்படியென்றால் கூப்பனாக வரும் ஒவ்வோர் ஆறு இலட்சத்திலும் ஒரு பகுதி, நாம் முன்கூட்டிக் கொடுத்த காசே திரும்பி வருவது. அந்தப் பகுதி வருமானம் அல்ல. அதை எந்த வருடத்தில் எவ்வளவு கழிப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

கழிக்காமலே விடும் கணக்குகளையும் நான் கண்டிருக்கிறேன். வருடம் 12 இலட்சத்தை அப்படியே வருமானமாகப் போட்டு வந்து, மூன்றாம் வருட முடிவில் ஐந்து இலட்சத்துச் சொச்சத்தை நட்டமாகக் காட்டுவார்கள். அந்த நட்டம் வாங்கிய நாளிலேயே தெரிந்தது. அதனால் இந்த வழியை ஒப்பீட்டுக்கே எடுக்கவில்லை.

நேர்கோட்டு முறைக்கு மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் அதில் எவரும் பிழைவிட முடியாது. 507,569 ஐ மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 169,190. வருமானம் ஒவ்வொரு வருடமும் 1,030,810. கல்குலேட்டர்கூடத் தேவையில்லை. ஆனால் இந்த வருமானத்தை வருடத் தொடக்கத்தில் முறி ஏட்டில் நின்ற பெறுமதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வருடம் 9.81 வீதம் உழைத்ததாகவும் மூன்றாம் வருடம் 10.14 வீதம் உழைத்ததாகவும் காட்டும். முறியில் எதுவும் மாறவில்லை, கூப்பன் அதேதான், வாங்கிய விலையும் அதேதான். பெறுமதி குறைந்துகொண்டு போக, வருமானத்தை மட்டும் ஒரே இடத்தில் நிறுத்திவைத்ததால் இல்லாத ஓர் ஏற்றம் தோன்றுகிறது.

பயனுறு வட்டி முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. வீதத்தை நிறுத்திவைத்து, வருமானத்தை நகர விடுகிறது. காலத் தொடக்கத்தில் முறி நிற்கும் பெறுமதியை வாங்கியபோதிருந்த வீதத்தால் பெருக்கினால் அந்தக் காலத்தின் வட்டி வருமானம். கூப்பனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பிரீமியத்தின் பதிவழிப்பு. முதிர்வு வரை வைத்து வட்டியும் முதலும் எடுக்கவே வாங்கிய முறியை SLFRS 9 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தின் கீழ் இப்படித்தான் அளக்க வேண்டும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமமும் இந்த முறையைத்தான் கேட்கிறது. அமெரிக்காவில் வித்தியாசம் பெரிதில்லையென்றால் நேர்கோட்டை ஏற்பார்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவும் அங்கிருந்து வருவதால், நம் பிள்ளைகள் இரண்டும் சமமான தெரிவுகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முறை எது என்பது இத்தோடு முடிந்தது. வேலைத்தளத்தில் உண்மையாகவே பிழை நடப்பது அடுத்த படியில். கணக்கை வருடத்துக்கு ஒரு தடவை செய்வதா, கூப்பனுக்கு ஒரு தடவை செய்வதா?

வருடப் பதிவுதானே என்று நேரடியாக 10 வீதத்தால் பெருக்குவது பலருக்கும் பழக்கம். 10,507,569 இன் 10 வீதம் 1,050,757. கூப்பன் 1,200,000. பதிவழிப்பு 149,243. இரண்டாம் வருடம் 164,167, மூன்றாம் வருடம் 180,584. பார்க்க ஒழுங்காகவே இருக்கும், வருடா வருடம் கூடிக்கொண்டும் போகும். ஆனால் மூன்று வருடமும் முடிந்த பிறகு முறி 10,013,575 இல் நிற்கும். ஒரு கோடிக்கு வந்து சேரவில்லை. 13,575 ரூபாய் அந்தரத்தில் தொங்கும்.

காரணம் எளிது. சந்தையில் சொல்லும் 10 வீதம், ஆறு மாதத்துக்கு 5 வீதம் என்பதன் இரண்டு மடங்கு மட்டுமே. முதல் கூப்பன் வந்ததும் அதில் ஒரு பகுதி முதலைக் குறைத்துவிடுகிறது. அடுத்த ஆறு மாதம் குறைந்த பெறுமதியின் மேல்தான் வட்டி ஓடுகிறது. வருடத் தொடக்கப் பெறுமதியை முழு வருடத்துக்கும் பிடித்துக்கொண்டால் அந்த இறக்கம் கணக்கில் விழாது. அதனால் வருமானம் கொஞ்சம் கூடிவிடும், பதிவழிப்பு கொஞ்சம் குறைந்துவிடும்.

கூப்பனோடு நடந்தால் அட்டவணை இப்படி வரும்:

| அரையாண்டு | தொடக்கப் பெறுமதி | வட்டி வருமானம் 5% | பதிவழிப்பு | இறுதிப் பெறுமதி |
|---|---|---|---|---|
| 1 | 10,507,569 | 525,378 | 74,622 | 10,432,947 |
| 2 | 10,432,947 | 521,647 | 78,353 | 10,354,594 |
| 3 | 10,354,594 | 517,730 | 82,270 | 10,272,324 |
| 4 | 10,272,324 | 513,616 | 86,384 | 10,185,940 |
| 5 | 10,185,940 | 509,297 | 90,703 | 10,095,237 |
| 6 | 10,095,237 | 504,763 | 95,237 | 10,000,000 |

கடைசி வரியில் ஒரு ரூபாயை நானே சரிசெய்திருக்கிறேன், அது முழு எண்ணாக்கியதால் வந்தது. ஒன்றிரண்டு ரூபாய் என்றால் அப்படி விடலாம். ஆயிரக்கணக்கில் நின்றால் அது முழு எண்ணாக்கல் அல்ல, வீதமோ தொடக்க விலையோ பிழை. வாங்கிய அன்றே அட்டவணையை முதிர்வு வரை இழுத்துப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மூன்றாம் வருடத்தில் கண்டுபிடித்தால் முந்திய இரண்டு வருடக் கணக்கும் ஏற்கெனவே போயிருக்கும்.

வீதத்தையும் தரகர் சொன்னபடி அப்படியே எடுக்க வேண்டாம். கொடுத்த காசிலிருந்தே எடுக்கலாம்:

```
=RATE(6,600000,-10507569,10000000)
```

இதற்கு 5% வரும். வாங்கும்போது 10,000 ரூபாய் கட்டணமும் கொடுத்திருந்தால் அதுவும் முறியின் கிரயத்தோடு சேரும். அப்போது விலையை 10,517,569 ஆக மாற்ற, வீதம் சுமார் 4.98% ஆக இறங்கும். அந்த வீதத்தோடுதான் அட்டவணை ஒரு கோடியில் போய் முடியும். இரண்டு கூப்பன் திகதிகளுக்கு இடையில் வாங்கியிருந்தால், கொடுத்த காசுக்குள் இருக்கும் சேர்ந்த வட்டியை முதலில் பிரித்து வேறாக வையுங்கள். அது பிரீமியம் அல்ல, அடுத்த கூப்பனோடு கைக்கு வந்துவிடும்.

இனிப் பதிவுகள். நம் பக்கத்து வழக்கில் வரவு என்பது டெபிட், செலவு என்பது கிரெடிட். தமிழ்நாட்டு வாசகர்கள் பற்று, வரவு என்று மாற்றிப் படிக்கவும். முறி ஏப்ரல் 1 இல் வாங்கியது, கூப்பன் ஒக்டோபர் 1 இலும் ஏப்ரல் 1 இலும், நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. இரண்டு விதமாக எழுதலாம்.

முதலாவது, கூப்பனுக்கு ஒரு பதிவு. ஒக்டோபர் 1 இல் வங்கிக் கணக்கு 600,000 வரவு; வட்டி வருமானம் 525,378 செலவு, முறி முதலீட்டுக் கணக்கு 74,622 செலவு. மார்ச் 31 இல் கூப்பன் இன்னும் கைக்கு வரவில்லை, அடுத்த நாள்தான் வரும். ஆகவே வரவேண்டிய வட்டி 600,000 வரவு; வட்டி வருமானம் 521,647 செலவு, முறி முதலீடு 78,353 செலவு.

இரண்டாவது, வருடம் முழுவதும் கூப்பனை அப்படியே வட்டி வருமானத்தில் போட்டுக்கொண்டு வந்து, வருட முடிவில் ஒரே ஒரு சீராக்கம். மார்ச் 31 இல் வரவேண்டிய 600,000 ஐயும் வருமானத்தில் சேர்த்த பிறகு, வட்டி வருமானம் 152,975 வரவு, முறி முதலீடு 152,975 செலவு. இந்த 152,975 அட்டவணையின் முதல் இரண்டு வரிகளின் பதிவழிப்புக் கூட்டுத்தொகை. அடுத்த வருடங்களில் 168,654 உம் 185,940 உம்.

வருட முடிவில் இரண்டும் ஒரே இடத்துக்கு வரும்: வருமானம் 1,047,025, முறி 10,354,594. மாதா மாதம் கணக்கு காட்டாத கம்பனிக்கு இரண்டாவதே எனக்குப் பிடிக்கும். வங்கிப் பதிவு எழுதும் பிள்ளைக்கு அட்டவணை தெரிந்திருக்க வேண்டியதில்லை, கணக்காய்வாளர் பார்க்க வேண்டியதும் ஒரேயொரு பதிவுதான். ஆனால் இடையில் வங்கிக்கோ முதலாளிக்கோ இடைக்காலக் கணக்கு கொடுப்பவர்கள் முதலாவதைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் செப்டெம்பர் முடிவில் வருமானம் 74,622 ரூபாய் ஊதிப்போய் நிற்கும். எதைத் தெரிவுசெய்தாலும் சரி: பதிவு வருடத்தோடு நடக்கலாம், கணக்கீடு கூப்பனோடுதான் நடக்க வேண்டும்.

டிசம்பர் 31 இல் வருடம் முடிப்பவர்களுக்கு ஒரு வெட்டு கூடுதலாக வரும். இரண்டாம் அரையாண்டின் முதல் மூன்று மாதம் மட்டும் அவர்களுக்குச் சேரும். 521,647 இல் பாதி 260,824 வருமானம், கூப்பனில் பாதி 300,000 வரவேண்டிய வட்டி, வித்தியாசம் 39,176 பதிவழிப்பு. மீதிப் பாதி அடுத்த வருடத்துக்கு. அட்டவணையின் வரிகளைத் திருத்தாமல் வரியைப் பிரிப்பது மட்டும் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன வருடம் இதைத் திருத்த எனக்கு ஒரு முழு நாள் போனது. வட்டியில் முற்பணமாக வரி பிடித்தால் வங்கிக்கு வருவது 600,000 அல்ல, குறைவான தொகை. வேறொரு கணக்கில் அந்தக் குறைந்த தொகையையே கூப்பனாக அட்டவணையில் போட்டிருந்தார்கள். பதிவழிப்பு சுருங்கிப்போய், முறி ஒரு கோடியை நோக்கி இறங்கவே இல்லை. பிடித்த வரி தனிச் சொத்துக் கணக்கு. அட்டவணைக்குள் போவது எப்போதும் முழுக் கூப்பன்.

நேர்கோட்டோடு ஒப்பிட்டால் முதல் வருடம் பயனுறு முறையில் வருமானம் 16,215 ரூபாய் கூட, இரண்டாம் வருடம் ஏறத்தாழ சமம், மூன்றாம் வருடம் 16,750 குறைவு. மூன்று வருடமும் சேர்த்தால் வித்தியாசம் பூச்சியம். ஒரு கோடி முறிக்கு, மூன்று வருடத்துக்கு, இது பெரிய தொகை அல்ல என்று வாதாடலாம். பத்து வருட முறியில் அந்த வாதம் நிற்காது. அட்டவணையை ஒரு தடவை போட்டுவிட்டால் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், சிறிய முறிக்கும் நான் பயனுறு முறையை விட்டு இறங்குவதில்லை.

முதலாளியிடம் வீத விளக்கமெல்லாம் சொல்லவில்லை. அட்டவணையின் கடைசி வரியைக் காட்டினேன். முதிர்வன்று வங்கிக் கணக்கு 10,000,000 வரவு, முறி முதலீட்டுக் கணக்கு 10,000,000 செலவு. இலாப நட்டத்துக்குப் போக ஒரு ரூபாயும் மிச்சமில்லை. "அப்ப குடுத்த அஞ்சு இலட்சத்தையும் ஆறு தரமா எனக்கே திருப்பித் தாறாங்க" என்றார். அதைத்தான் அட்டவணையின் நான்காவது நிரல் சொல்கிறது.