அம்மா மீண்டும் எழுந்து நடந்த ஆறு வாரங்கள்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு நான் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தபோது, அம்மாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. எழுபத்தெட்டு வயதான அவர் விடியற்காலை நான்கு மணிக்குக் கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்தார். மறுநாளே ஒரு தனியார் மருத்துவமனையில் கம்பி வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. ஆனால் நான் பார்த்தபோது அம்மா பதினொரு நாட்களாகக் கட்டிலிலேயே இருந்தார். சாப்பாடு, பெட்பேன், தூக்கம் எல்லாம் அங்கேதான்.

காரணம் கேட்டால், "காலை ஊன்றினால் கம்பி வளைந்துவிடும்" என்று சித்தி சொன்னார். டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டினேன். மாத்திரைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் கீழே "ஓய்வு, ஆறு வாரம் கழித்து வரவும்" என்று இருந்தது. காலில் எடை போடலாமா, கூடாதா என்று ஒரு வரிகூட இல்லை. நான் வசிக்கும் நாட்டின் வழிகாட்டுதல்படி, மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காவிட்டால், அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்க வைக்க வேண்டும். முதியவர் படுக்கையில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் தொடைத் தசை கரைகிறது. நெஞ்சில் சளி கட்டுவதும், கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதும், முதுகில் படுக்கைப் புண் வருவதும் அந்தப் படுக்கையில்தான் தொடங்குகின்றன.

எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடமே போனேன். அவர் இரண்டே நிமிடத்தில் பதில் சொன்னார்: "தாங்கும் அளவுக்கு ஊன்றலாம், வாக்கர் பிடித்து நடக்கட்டும்." அம்மாவுக்கு முறிந்தது தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே, இரு முண்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி. அங்கே எலும்பின் உள்ளே நீளமான கம்பியைச் செலுத்தித் திருகுகளால் பிடித்திருந்தார்கள். சித்தியின் அறிவுரை பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து வந்தது. அவருக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, இடுப்பு மூட்டின் பாதியை மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றியவர்களிடம் குந்தக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது என்றெல்லாம் சொல்வது வழக்கம். மூட்டு நழுவிவிடும் என்பதே அச்சம். அம்மாவுக்கு மூட்டை மாற்றவே இல்லையாதலால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. இடுப்பு முறிவு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு அறுவைச் சிகிச்சைகள் இருப்பதால், எந்த எலும்பு, என்ன வைத்தார்கள், எவ்வளவு எடை போடலாம் என்ற மூன்று கேள்விகளையும் வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். இதில் மருத்துவமனையின் மீது எனக்கு வருத்தம் உண்டு.

பிசியோதெரபிக்குத் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஓர் இளம்பெண் வந்தார், பொறுமையானவர், கெட்டிக்காரர். ஆனால் அவர் பல ஊர்களைச் சுற்ற வேண்டியிருந்ததால் பத்து நாட்களுக்கு ஒருமுறைதான் வர முடிந்தது. ஆகவே இடைப்பட்ட நாட்களுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒருவரைப் பணம் கொடுத்து வரவழைத்தோம். இரண்டையும் சேர்த்துக்கொண்டதுதான் சரியாக வந்தது.

முதல் நாள் அந்தப் பெண் செய்த முதல் வேலை வாக்கரைச் சரிசெய்ததுதான். அம்மாவை இருவர் பிடித்து நிற்க வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வாக்கரின் பிடி வருகிறதா என்று பார்த்தார். கடையில் கொடுத்தபடியே வைத்திருந்த எங்கள் வாக்கர் இரண்டு துளை உயரமாக இருந்தது. அந்த உயரத்தில் தோள்கள் மேலேறிவிடும், கையில் பலம் இறங்காது என்றார். கால்களின் ரப்பர் புஷ்களைக் கழற்றிப் பார்த்தார். ஒன்று வழவழவென்று தேய்ந்திருந்தது, அதை மாற்றச் சொன்னார். பிறகு, "முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் செய்த கால், கடைசியாக நல்ல கால், பாட்டி" என்று சொல்லிக்கொண்டே நடக்க வைத்தார். அன்று கட்டிலிலிருந்து சன்னல்வரை, ஆறு அடி. நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சியை ஐந்து ஐந்தாக நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு கொடுக்கச் சொன்ன சின்ன யோசனை பெரிதும் உதவியது. தொடையிடுக்கில் திடீரெனப் புதிய வலி வந்தாலோ, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பினாலோ நடையை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

மூன்றாம் வாரம் நடை சீரானதும், அம்மா ஏன் விழுந்தார் என்ற கேள்விக்குத் திரும்பினேன். தரை வழுக்கியது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும், "தடுக்கலைடா தம்பி, எழுந்ததும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றார். ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தோம்: மேல் அளவு 142. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் அது 112. இருபதுக்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டும். ஊர் மருத்துவர் மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது, நீர் பிரியும் மருந்து கலந்த இரத்த அழுத்த மாத்திரையை அம்மா இரவில் போட்டுவந்ததும், பல வருடங்களாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை அதனோடு சேர்ந்ததும் தெரியவந்தன. முதலாவதை அளவு குறைத்துக் காலைக்கு மாற்றினார். தூக்க மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது என்று, சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்தார். எழுந்ததும் கட்டிலோரம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்த பிறகே நிற்பது என்பது வீட்டு விதியாயிற்று. இரவுக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலி வந்தது. கால்மிதிகள் போயின. நைட்டியின் கீழ்விளிம்பைக் கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்தோம். தரையை மட்டும் சரிசெய்திருந்தால் அந்தக் கண் இருட்டல் அப்படியே இருந்திருக்கும்.

எலும்புக்கென்று தாளில் இருந்தது கால்சியம் மட்டுமே. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு நலிந்திருக்கிறது என்றுதான் பொருள்; சிகிச்சையைத் தொடங்க அடர்த்திப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சிறுநீரகச் செயல்பாடு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சோதித்து, டி குறைவைச் சரிசெய்த பின், ஐந்தாம் வாரத்தில் எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம் சொட்டாக ஏற்றினார்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும். அன்றிரவு காய்ச்சலும் உடம்புவலியும் வந்து மறுநாள் தணிந்தன. வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை.

நான் திரும்பும் வாரம், நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார அம்மாவுக்கு 31 வினாடிகள் ஆயின. பன்னிரண்டைத் தாண்டினாலே விழும் ஆபத்து உண்டு என்று கணக்கிடுவதால், வாக்கரை விடுவதற்கு இன்னும் நாளாகும். வாசல் படிகளில் ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது அடிபட்ட கால் என்ற பாடம் நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் வீடியோவில் பேசியபோது அம்மா அப்பாவின் பழைய கைத்தடியை எடுத்துக் காட்டினார். அதை அடிபட்ட காலின் பக்கமே பிடித்திருந்தார். "தடி எதிர்க் கையிலம்மா" என்றேன். "முதல்ல வாக்கர் முடியட்டும்" என்று சித்தி பின்னாலிருந்து அதட்டினார்.