ஆர்டர் அடுப்படிக்குப் போய்ச் சேர மூன்று வழிகள்

மாலை 5 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் ஒரு டிபன் கடையை எடுத்துக்கொள்கிறேன். 12 மேசை. உள்ளே மூன்று இடங்களில் வேலை நடக்கிறது: தோசைக்கல், பரோட்டாக் கல், காபி போடும் மூலை. மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடை வாடிக்கையாளர் ஸ்கேன் செய்தால் போனில் மெனு திறக்கும். ஆர்டர் உள்ளே டேப்லெட் திரையில் தெரியும். எந்த நிலையில் இருக்கிறது என்பது மீண்டும் போனுக்கு வரும். இவ்வளவுதான் தேவை. இதை வெறும் வலைப்பக்கமாகச் செய்தால் போதும். ஒரு தோசை சாப்பிட வந்தவரை ப்ளேஸ்டோரிலிருந்து ஆப் இறக்கச் சொன்னால் அவர் சப்ளையரைக் கூப்பிட்டுவிடுவார்.

இந்த வேலையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மெனுவின் அழகில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். நான் இதே அளவுள்ள ஒரு கடைக்குச் செய்துகொடுத்தபோது நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் கடை ஓடுமா திணறுமா என்பதை வேறு இரண்டு முடிவுகள் தீர்மானித்தன. நிலையை எதற்குக் கொடுப்பது என்பது ஒன்று. அடுப்படித் திரைக்குச் செய்தி எப்படிப் போவது என்பது மற்றொன்று.

நிலை எதற்கு: முழு ஆர்டருக்கா, ஒவ்வொரு தட்டுக்குமா, கல்லுக்கா?

7-ஆம் மேசையில் இரண்டு மசாலா தோசை, ஒரு கொத்து பரோட்டா, இரண்டு ஃபில்டர் காபி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முழு ஆர்டருக்கு ஒரே நிலை என்று வைத்தால் நிரல் எழுதுவது சுலபம். ஆனால் தோசை நான்கு நிமிடத்தில் இறங்கிவிடும், கொத்து முடிய இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். தோசை மாஸ்டர் 'ரெடி' அழுத்தினால், சப்ளையர் வந்து கொத்துக்காக நிற்கிறார். எல்லாம் முடியட்டும் என்று விட்டால் தோசை ஆறி வதங்கிவிடுகிறது. கடைசியில் யாரும் அழுத்துவதில்லை. பழையபடி குரல் கொடுத்துக்கொள்கிறார்கள், போனில் நிலை 'ஆர்டர் வந்தது' என்றே நிற்கிறது.

அடுத்தது ஒவ்வொரு தட்டுக்கும் தனி நிலை. தகவல் துல்லியமாக இருக்கும். 7-ஆம் மேசைக்கு மட்டும் ஐந்து தட்டு. ஒவ்வொன்றுக்கும் 'செய்கிறோம்', 'ரெடி' என்று இரண்டு முறை தொட்டால் பத்துத் தொடுதல். கூட்ட நேரத்தில் மணிக்கு இப்படி 20 ஆர்டர் வந்தால் 200. மாவும் எண்ணெயும் படிந்த கையோடு நிற்பவரிடம் இதைக் கேட்கக்கூடாது. முதல் நாள் செய்வார், மூன்றாம் நாள் ராத்திரி கடை மூடும்போது எல்லாவற்றையும் மொத்தமாக 'ரெடி' ஆக்குவார்.

மூன்றாவது வழி, ஒரு ஆர்டரை வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு சீட்டாகப் பிரிப்பது. தோசைக்கல்லுக்கு ஒரு சீட்டு, பரோட்டாவுக்கு ஒன்று, காபிக்கு ஒன்று. 'செய்கிறோம்' என்ற நிலையை எடுத்துவிட்டேன். அதை உண்மையாக அழுத்த யாருக்கும் நேரமில்லை. காத்திருக்கிறது, ரெடி, பரிமாறியாச்சு என்ற மூன்று மட்டும். முதல் மாற்றம் மாஸ்டர் கையில், இரண்டாவது சப்ளையர் கையில். 7-ஆம் மேசைக்கு உள்ளே மொத்தம் மூன்று தொடுதல். மணிக்கு 20 ஆர்டர் என்றாலும் ஒரு மாஸ்டருக்கு 20 தொடுதல்தான் வரும். சின்னக் கடைக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இதிலும் ஒரு இடறல் உண்டு. ஒரே மேசை ஆறு தோசை கேட்டு, கல்லில் ஒரு தடவைக்கு நான்குதான் விழும் என்றால், முதல் நான்கு தயாரான பிறகும் சீட்டு 'காத்திருக்கிறது' என்றே காட்டும். அதனால் சீட்டு உருவாகும்போதே கல்லின் கொள்ளளவுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். கல்லில் எத்தனை விழும் என்பதை மாஸ்டரிடம் கேட்டு அமைப்புகளில் ஒரு எண்ணாக வைத்தால் போதும்.

போனில் தெரியும் ஆர்டர் நிலையைத் தனியாகச் சேமிக்கவே வேண்டாம். சீட்டுகளைப் பார்த்துக் கணக்கிட்டுக் காட்டுங்கள்: "தோசை ரெடி, பரோட்டா தயாராகிறது." இரண்டு இடத்தில் எழுதினால் என்றாவது ஒரு நாள் இரண்டும் வேறு வேறு சொல்லும்.

பொத்தானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'அடுத்த நிலைக்கு நகர்த்து' என்று சர்வரிடம் கேட்கும்படி எழுதினால், எண்ணெய்க் கை இரண்டு முறை பட்டதும் சீட்டு ரெடியைத் தாண்டிப் 'பரிமாறியாச்சு'க்குப் போய், சப்ளையர் திரையிலிருந்தே மறைந்துவிடும். தோசை மட்டும் மேடையில் கிடக்கும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்:

```sql
UPDATE tickets SET status = 'ready'
WHERE id = 318 AND status = 'waiting';
```

இரண்டாவது தொடுதல் எந்த வரிசையையும் மாற்றாது. தவறாகத் தொட்டதைத் திருப்பிக்கொள்ள, ரெடியான சீட்டை ஒரு பத்து வினாடியாவது மங்கலாகத் திரையில் விட்டுவையுங்கள்.

செய்தி எப்படிப் போகும்: போலிங், எஸ்எஸ்இ, வெப்சாக்கெட்

புது ஆர்டர் வந்ததை அடுப்படித் திரை அறிய மூன்று வழி உண்டு. திரையே சில வினாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்பது போலிங். ஒரு இணைப்பைத் திறந்துவைத்து, சர்வர் மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது எஸ்எஸ்இ. இரு பக்கமும் பேசிக்கொள்ளும் இணைப்பு வெப்சாக்கெட்.

நான் முதலில் வெப்சாக்கெட்டைத்தான் போட்டேன். சோதனையில் ஆர்டர் கண் இமைப்பதற்குள் திரையில் வந்தது. திறந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, அடுப்படிப் பக்கம் வைஃபை கொஞ்ச நேரம் விட்டுப்போனது. திரையில் மூன்று பழைய சீட்டுகள் இருந்தன. மாஸ்டர் அவற்றை முடித்தார், திரை காலியானது, கூட்டம் குறைந்துவிட்டது என்று நினைத்தார். வெளியே ஐந்து மேசை காத்திருந்தது. கல்லாவில் இருந்தவர் உள்ளே வந்து கேட்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். வைஃபை திடீரென்று அறுந்தால், இணைப்பு மூடப்பட்டது என்ற செய்தி இரு பக்கமும் போய்ச் சேர்வதில்லை. இணைப்பு உயிரோடு இருப்பதாகவே உலாவி நினைத்துக்கொண்டிருக்கும். வெப்சாக்கெட்டில் பிங், பாங் என்ற உயிர்ச்சோதனை உண்டு, ஆனால் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதை அனுப்பவும் முடியாது, பார்க்கவும் முடியாது. நாமே ஒரு செய்தியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மறுபடி இணைவதையும் நாமே எழுத வேண்டும். இணைந்த பிறகு இடையில் தவறியவற்றைக் கேட்டு வாங்குவதும் நம் வேலை. நான் இந்த மூன்றில் இரண்டாவதை மட்டும் எழுதியிருந்தேன்.

எஸ்எஸ்இ இதில் ஒரு படி மேல். இணைப்பு அறுந்தது தெரிந்தால் உலாவியின் `EventSource` தானே திரும்ப இணையும். கடைசியாகப் பெற்ற செய்தியின் எண்ணை `Last-Event-ID` என்ற தலைப்பில் அனுப்பும், அதிலிருந்து தொடரலாம். அடுப்படித் திரை பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எப்போதாவது தொடும் 'ரெடி'க்குச் சாதாரண போஸ்ட் கோரிக்கை போதும், இரு வழிப் பேச்சு தேவையே இல்லை. ஆனால் அறுந்ததே தெரியாத நிலை இங்கும் வரலாம். முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் இன்னும் இரண்டு சிக்கல்: அது பதிலைச் சேர்த்துவைத்து அனுப்பும் வழக்கத்தை `proxy_buffering off` என்று நிறுத்த வேண்டும், 60 வினாடி எதுவும் வராவிட்டால் அது இணைப்பை அறுத்துவிடும், அதனால் இடையிடையே ஒரு வெற்று வரியாவது அனுப்ப வேண்டும்.

போலிங்கைப் பலரும் பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மூன்று திரை, மூன்று வினாடிக்கு ஒருமுறை: வினாடிக்கு ஒரு கோரிக்கை. 30 வாடிக்கையாளர் போன்கள் பத்து வினாடிக்கு ஒருமுறை: வினாடிக்கு மூன்று. மொத்தம் நான்கு. எஸ்க்யூலைட்டில் ஓடும் ஆகச் சிறிய சர்வருக்கும் இது சுமையே இல்லை. தோசை வேக நிமிடக்கணக்கில் ஆகும் இடத்தில் மூன்று வினாடித் தாமதம் யார் கண்ணிலும் படாது.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் சீட்டுகள் முழுவதையும் கேட்டு வாங்கலாம் என்பது. புதிதாக என்ன என்று கேட்பதில்லை, இப்போது என்னென்ன இருக்கிறது என்று கேட்கிறோம். இடையில் வைஃபை இரண்டு நிமிடம் போய் வந்தாலும், அடுத்த கேள்விக்கு முழுப் பட்டியலும் வந்துவிடும். தவறியதைத் தேடி எடுக்கும் நிரலே வேண்டாம். செலவு கொஞ்சம் உண்டு: 40 சீட்டு, ஒன்று 200 பைட் என்றால் ஒரு பதில் 8 கேபி. மூன்று திரை நான்கு மணி நேரம் ஓடினால் சுமார் 115 எம்பி. கடை மொபைல் டேட்டாவில் ஓடினால் மட்டும் `ETag` வைத்து, மாற்றமில்லாதபோது 304 என்று சிறு பதில் கொடுக்கச் செய்யுங்கள்.

போலிங்கிலும் கெட்டுப்போக ஒரு வழி இருக்கிறது. `setInterval` போட்டால், பதில் வராத கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். பதில் வந்த பிறகோ, ஐந்து வினாடியில் கைவிட்ட பிறகோ அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

ஆக, ஒரே கடை, சில திரை என்றால் போலிங். பல கிளைகள், நூற்றுக்கணக்கான போன்கள் என்று வளர்ந்தாலோ, ஒவ்வொரு கோரிக்கைக்கும் காசு வாங்கும் சேவையில் சர்வர் ஓடினாலோ எஸ்எஸ்இ. அடுப்படித் திரைக்கு வெப்சாக்கெட் தேவைப்பட்ட ஒரு சின்னக் கடையை நான் இதுவரை பார்க்கவில்லை.

எதை எடுத்தாலும் திரையின் மூலையில் கடைசியாகச் சர்வரோடு பேசிய நேரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 15 வினாடி தாண்டினால் முழுத் திரையும் சிவப்பாக மாறி, 'தொடர்பு இல்லை, கல்லாவைக் கேளுங்கள்' என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் ஆர்டர் இல்லாத திரையும் அறுந்துபோன திரையும் ஒரே மாதிரி இருக்கும். அந்தச் சனிக்கிழமை எங்களை வீழ்த்தியது இதுதான்.

டேப்லெட்டில் இன்னும் இரண்டு வேலை. திரை தானாக அணையாமல் இருக்க `navigator.wakeLock.request('screen')`. இது எச்டிடிபிஎஸ் பக்கத்தில்தான் வேலை செய்யும், பக்கம் மறைந்தால் பிடி விட்டுப்போகும், திரும்ப வந்ததும் மறுபடி கேட்க வேண்டும். புது ஆர்டருக்கு மணி அடிக்க, யாராவது ஒருமுறை திரையைத் தொட்டாக வேண்டும். அதுவரை க்ரோம் ஒலியை அனுமதிக்காது. 'கடை திறக்கலாம்' என்ற ஒரு பொத்தானை மாலையில் தொட வைத்தால் இரண்டும் தீர்ந்தது.

கடைக்காரர், அடுப்படிக்கு ஆர்டர் சீட்டை அச்சடிக்கும் கேஓடி பிரின்டரையும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஆனால் கல்லாவில். உலாவி பெரும்பாலும் நேரடியாக அந்த பிரின்டரோடு பேசாது, கல்லாக் கணினியில் ஒரு சிறு நிரல் இடையில் வேண்டும். திரை சிவந்தால் அங்கிருந்து சீட்டு அச்சடித்து உள்ளே கொடுக்கலாம்.

திறப்பதற்கு முன், கூட்டமில்லாத ஒரு பகலில் இதைச் செய்து பாருங்கள். ஒரு போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வைத்துக்கொண்டு, கடையின் வைஃபை ரவுட்டரை அணையுங்கள். 15 வினாடியில் திரை சிவக்கிறதா என்று எண்ணுங்கள். அந்தப் போனிலிருந்து மூன்று ஆர்டர் போடுங்கள், இரண்டு நிமிடம் கழித்து ரவுட்டரை ஏற்றுங்கள். யாரும் டேப்லெட்டைத் தொடாமலே மூன்று ஆர்டரின் சீட்டுகளும், போட்ட வரிசையில், மணியோடு வர வேண்டும்.