சூடேறாத ஹைபிரிட் எஞ்சினுக்கு எந்த ஒயில்? ராவ்4 உடன் சில பனிக்காலங்கள்

என்னிடம் இருப்பது 2.5 லீற்றர் எஞ்சின் உள்ள ரொயோட்டா ராவ்4 ஹைபிரிட். ஓடுவது ரொறன்ரோவின் ஸ்காபரோவில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோ ரெயில் நிலையம், கடை, கோயில் எல்லாமே மூன்று நாலு கிலோமீற்றருக்குள். நெடுஞ்சாலையில் ஏறுவது எப்போதாவதுதான். இப்படி ஓடும் காருக்கு எந்த ஒயில் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். நான் இப்போது செய்வதை முதலே சொல்லிவிடுகிறேன். நவம்பரில் 0W-20, சித்திரை பிறக்கும்போது அதைவிட மெல்லிய 0W-16, இரண்டும் முழுச் செயற்கை ஒயில். கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதைதான் மீதி.

குளிர்ந்த எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். உலோகம் குளிராக இருக்கும்போது பெற்றோல் முழுதாக ஆவியாகாது. ஆகவே கணினி தேவைக்கு மேலேயே பெற்றோலைப் பீய்ச்சுகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஒயிலுக்குள் இறங்கிவிடும். தண்ணீரும் சேரும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், ரிங்கைத் தாண்டி வரும் சிறு பங்கு குளிர்ந்த உலோகத்தில் வியர்த்து ஒயிலோடு கலக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரமாவது ஓடினால் இரண்டும் ஆவியாகி, பிசிவி வால்வு வழியாகத் திரும்ப உள்ளே இழுக்கப்பட்டு எரிந்துபோகும். நாலு கிலோமீற்றர் ஓட்டத்தில் அதற்கு எங்கே நேரம்?

சாதாரணக் காருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஹைபிரிட்டில் அது கூடுவதற்குக் காரணம், எஞ்சின் ஓடும் நேரமே குறைவு என்பது. பத்து நிமிடப் பயணத்தில் எஞ்சின் ஐந்தாறு நிமிடம் ஓடியிருக்கும், மற்ற நேரம் பற்றரிதான். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, கூலண்ட் வெப்பநிலையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மைனஸ் 10 இல் புறப்பட்டால் பள்ளிக்கூடத்தை அடையும்போது 50 பாகையைத்தான் தொடும். சிவப்பு விளக்கில் எஞ்சின் நின்றதும் இலக்கம் கீழே வரத் தொடங்கும். ஒயில் எப்போதும் கூலண்டுக்குப் பின்னால்தான் சூடேறும். கூலண்ட் 80ஐத் தொட்ட பிறகும் ஒயில் நன்றாகச் சூடேற இன்னும் கன நேரம் வேண்டும். அப்படிப் பார்த்தால் வார நாட்களில் என் ஒயில் ஒருநாளும் சூடானதே இல்லை.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை மெல்லச் சுற்றும். ஹைபிரிட்டிலோ பெரிய மின்மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்ற அளவுக்குக் கொண்டுபோன பிறகுதான் பெற்றோல் விடுகிறது. அதற்குள் ஒயில் அழுத்தம் எழத் தொடங்கிவிடும். ஆகவே "அடிக்கடி நின்று ஸ்டார்ட் ஆகுதே, எஞ்சின் தேயாதா" என்ற பயம் எனக்கு இல்லை. என் கவலை ஒயிலுக்குள் சேரும் பெற்றோலைப் பற்றித்தான்.

அது சேர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒயில் மாற்றிய மறுநாள் காலை, சமதரையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அதே நிலையில் பாருங்கள். மட்டம் குறைய வேண்டியது போய், ஏறியிருந்தால் பெற்றோல் சேர்கிறது. மணந்து பார்த்தாலும் தெரியும். அடுத்தது ஒயில் மூடி. தையில் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைக் களி ஒட்டியிருக்கும். பார்த்தவுடன், கூலண்ட் ஒயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்று பதறத் தேவையில்லை. கூலண்ட் மட்டம் குறையாமல் இருந்து, டிப்ஸ்டிக்கில் உள்ள ஒயில் தெளிவாக இருந்தால், அது வெறும் வியர்வை நீர். கூலண்டும் குறைந்து, டிப்ஸ்டிக்கிலும் பால்போல இருந்தால் மட்டும் உடனே கராஜுக்குப் போக வேண்டும்.

பனிக்கால முடிவில் வடித்த ஒயிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். அப்போது உள்ளே இருந்தது 0W-16. முடிவில் பெற்றோல் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 2 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்த எஞ்சினுக்கு பில்டரோடு சேர்த்து 4.5 லீற்றர் ஒயில் பிடிக்கும். 3 சதவீதம் என்றால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு பெற்றோல் அதற்குள் கிடக்கிறது. 100 பாகையில் அளந்த பிசுபிசுப்பு 6 சென்டிஸ்டோக்கை ஒட்டி வந்திருந்தது. 16 என்ற தரத்துக்கு அடிமட்டமே 6.1. அதாவது போத்தலில் 16 என்று வாங்கிய ஒயில், வசந்தம் வருவதற்குள் அந்தத் தரத்தையே விட்டு இறங்கிவிட்டது. இரும்பு, அலுமினியம் போன்ற தேய்மான உலோகங்கள் வழமையான அளவில்தான் இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு எடுத்தால், சேர்ந்த பெற்றோலில் பெரும்பகுதி அதற்குள் ஆவியாகியிருக்கும். அறிக்கை அழகாக வரும், உண்மை தெரியாது. வழமையான குறுகிய ஓட்டத்துக்குப் பிறகு, வடியும் ஒயிலின் நடுப்பகுதியில் பிடியுங்கள்.

சரி, ஒயில் மெலிந்தால் என்ன? குளிராக ஓடும்போது ஒன்றும் இல்லை, ஏனென்றால் குளிர்ந்த ஒயில் எப்படியும் தடிப்பாகத்தான் இருக்கும். ஆபத்து வேறு நாளில் வரும். பனிக்காலம் முழுக்கக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிய கார், மார்ச் விடுமுறையில் பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்குப் புறப்படுகிறது. 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒயில் முழுச் சூட்டுக்கு வருகிறது, சுமையும் கூட. பெற்றோல் கலந்து மெலிந்த ஒயில் இன்னும் மெலிகிறது. பெற்றோல் ஆவியாகி முடியும் வரைக்கும் பேரிங்குகளுக்கு நடுவே உள்ள படலம் மிக மெல்லியது. நான் 0W-20க்கு மாறியது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

16க்கும் 20க்கும் என்ன வித்தியாசம் என்றால், முன்னால் உள்ள 0W இரண்டிலும் ஒன்றே. மைனஸ் 35 இல் எஞ்சினைச் சுழற்றவிடவும், மைனஸ் 40 இல் பம்ப் இழுக்கவும் இரண்டும் ஒரே சோதனையில் தேற வேண்டும். ஆகவே 20 போட்டால் குளிரில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும் என்பது சரியில்லை. வேறுபாடு சூட்டில்தான். கடும் சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் வேறு அலகில் அளக்கும் பிசுபிசுப்பு 16க்குக் குறைந்தது 2.3, 20க்குக் குறைந்தது 2.6. 20 கொஞ்சம் பெற்றோலை வாங்கி மெலிந்தாலும், புது 16 இருக்கும் இடத்தில்தான் வந்து நிற்கும். அடுத்த பனிக்காலத்தில் 20 போட்டு அனுப்பிய மாதிரியில் அப்படித்தான் வந்தது. பெற்றோல் சதவீதம் முன்பைப் போலவே இருந்தது, பிசுபிசுப்பு 7 ஐ ஒட்டி நின்றது. தடித்த ஒயில் பெற்றோல் சேர்வதை நிறுத்தாது, சேர்ந்ததைத் தாங்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். பெற்றோல் செலவில் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை.

வட அமெரிக்கக் கையேடு என்ன சொல்கிறது? 0W-16 போடு, கிடைக்காவிட்டால் 0W-20 போடலாம், ஆனால் அடுத்த மாற்றத்தில் திரும்ப 16க்கு வா. என் நவம்பர், சித்திரை ஒழுங்கு இந்த வரிக்குள் அடங்குகிறது. கடையில் 16 கிடைக்கத்தான் செய்கிறது என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போவேன். இதே எஞ்சினுக்கு வேறு நாடுகளில் வரும் கையேட்டில் 0W-20உம் 5W-30உம்கூட அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 20ஐ எஞ்சினால் தாங்க முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் போகும் கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர் 0W-16ஐ விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணி மாதிரிக் கிடக்கு. 5W-30 விடுவம், எஞ்சின் நிண்டு பிடிக்கும்" என்றார். அவர் அனுபவம் பெரிது, ஆனால் இதில் நான் உடன்படவில்லை. விரலில் தொட்டுப் பார்ப்பது 20 பாகை ஒயிலை. அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ரொறன்ரோக் குளிருக்கு 5W போதும்தான். ஆனால் இங்கத்தையக் கையேட்டில் இல்லாத தரத்தைப் போட்டு, உத்தரவாதக் காலத்தில் டீலரோடு வாக்குவாதப்பட எனக்கு விருப்பமில்லை. போத்தலில் ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறியோ அதற்குப் பிந்திய தரமோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். எந்த நிறுவனத்தின் ஒயில் என்பதில் பெரிய அக்கறை இல்லை, மலிவு விலையில் போட்டிருப்பதை வாங்குவேன்.

ஒயிலின் பெயரைவிட மாற்றும் காலம் பெரிது. சாதாரண ஓட்டத்துக்கு 16,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். பூச்சியத்துக்குக் கீழான குளிரில் 8 கிலோமீற்றருக்குக் குறைந்த ஓட்டங்கள் தொடர்ந்து வந்தால் 8,000 அல்லது ஆறு மாதம். இதில் நம்மைப் போன்றவர்கள் ஏமாறுவது கிலோமீற்றரில். குறுகிய ஓட்டக்காரருக்கு ஆறு மாதத்தில் மூவாயிரம் ஓடினாலே பெரிது. காரில் வரும் நினைவூட்டல் தூரத்தைத்தான் எண்ணுகிறது, எத்தனை தடவை குளிரில் ஸ்டார்ட் ஆனது என்று எண்ணுவதில்லை. விளக்கு வரும் வரை காத்திருந்தால் ஒன்றரை வருடம் போய்விடும். நாட்காட்டியைப் பார்த்து மாற்றுங்கள்.

அப்புறம் ஹீற்றர். பெற்றோலை மிச்சம் பிடிக்க ஹீற்றரைக் குறைத்துவிட்டு, இருக்கைச் சூட்டிலும் ஈகோ மோடிலும் ஓட்டுவதை நானும் முயன்றேன். எஞ்சின் சீக்கிரம் நின்றுவிடும், செலவு குறையும், ஒயில் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். ஹீற்றரைத் தேவையான அளவு வைத்தால், கூலண்ட் சூடாகும் வரை எஞ்சின் நிற்காமல் ஓடும். பனிக்காலத்தில் நான் இதைத்தான் செய்கிறேன். வீட்டில் வெளிச் செருகி இருப்பவர்கள் பிளாக் ஹீற்றர் போடலாம். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னே தானாக இயங்க ஒரு டைமர் போதும், இரவு முழுக்க எரிய விடுவது மின்சார வீண். இது எஞ்சினை முன்கூட்டியே சூடாக்குவதால் அதிகப் பெற்றோல் பீய்ச்சும் நேரம் குறைகிறது. பிளாக் ஹீற்றர் இல்லாதவர்கள் கிழமைக்கு ஒருமுறை 401இல் நாற்பது நிமிடம் ஓடி வரலாம். நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கலாம் என்று நினைக்காதீர்கள். சும்மா ஓடும் எஞ்சின் ஒயிலைச் சூடாக்காது, ஹைபிரிட்டில் அது தானே நின்றும்விடும்.

என் இலக்கங்களை எல்லாக் காருக்கும் பொருத்த வேண்டாம். ராவ்4 இன் எஞ்சின் சிலிண்டருக்குள் நேரடியாகவும் பெற்றோல் பீய்ச்சும். உள்ளிழுக்கும் குழாயில் மட்டுமே பீய்ச்சும் 1.8 கொரோலா ஹைபிரிட்டில் பொதுவாகச் சேர்மானம் குறைவாக இருக்கும். அந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஆறு மாதக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு 0W-16இலேயே இருக்கலாம். மூன்று மாதம் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மட்டம் ஏறுகிறதா என்று எழுதி வைத்தால், உங்கள் கார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.