ராத்திரியெல்லாம் நிற்காமல் ஓடிய ஃபிரிட்ஜ்: சோமனூர் வீட்டில் 11 வருட அனுபவம்

2014 ஆடித் தள்ளுபடியில் வாங்கிய 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் இது. பின்பக்கம் கருப்புக் கம்பி வலை வெளியே தெரியும், உள்ளே 1 முதல் 7 வரை எண் போட்ட திருகுகுமிழ், அதன் நடுவில் ஐஸ் கரைக்க ஒரு பொத்தான். அவ்வளவுதான் அதிலுள்ள வசதி. கம்பெனிப் பேர் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் இந்த மாதிரி ஒன்றை விற்றிருக்கிறது, நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். முதல் எட்டு வருடம் எந்தக் குறையும் இல்லை. அதனால் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு காம்பவுண்டு தள்ளி தறிக்குடோன். தறிச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. பஞ்சுத் தூசிதான் பெரிய தொல்லை. வைகாசி முடிந்து பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். ஃபேனைத் துடைத்தோம். ஃபிரிட்ஜின் முதுகை ஒருநாளும் பார்க்கவில்லை.

2023 சித்திரையில் காலையில் காய்ச்சி வைத்த பால் சாயந்திரம் திரிந்தது. இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளியது. ஆனால் மேலே ப்ரீசரில் ஐஸ் மலை மாதிரி வளர்ந்திருந்தது. மெக்கானிக் தம்பி வந்தார், கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். "கேஸ் எறங்கிப் போச்சுங்க. சார்ஜ் பண்ணோணும், ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார். பின்பக்கம் அவர் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. "செரிங் தம்பி, ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்றனுங்" என்று அனுப்பிவைத்தேன்.

முதலில் காதைத்தான் பயன்படுத்தினேன். நன்றாக இருக்கும் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் 'டிக்' என்று எடுத்து, சீராக உறுமி, கொஞ்ச நேரத்தில் ஒரு குலுக்கு குலுக்கி நிற்கும். உள்ளே அது ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதால் வரும் குலுக்கல் அது. நின்ற பிறகு இரண்டு மூன்று நிமிடம் குழாயில் 'களக் களக்' என்று ஓடும் சத்தம் கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் ஓடவிட்டுக் கேட்டால் அந்தக் குலுக்கலும் இல்லை, களக் சத்தமும் இல்லை. விடிய விடிய ஒரே உறுமல். இடையிடையே மட்டும் 'டிக்' கேட்டது. கம்ப்ரஸர் விட்டு விட்டு எடுக்கிறதோ என்று முதலில் பயந்தேன். அது ஸ்டெபிலைசரின் ரிலே. தறி எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, அதற்கு அது தட்டிக்கொள்கிறது.

இந்த வித்தியாசம் முக்கியம். 'டிக்', பிறகு சில நொடி 'உம்ம்ம்' என்று திணறல், மறுபடி 'டிக்' என்று சில நிமிடத்துக்கு ஒரு தரம் வந்தால் கம்ப்ரஸர் எடுக்கவே முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். ரிலே போயிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், கம்ப்ரஸரே போயிருக்கலாம். அதற்கு ஆளைத்தான் கூப்பிட வேண்டும். எங்களுடையது அப்படியில்லை. எடுக்கிறது, ஓடுகிறது, நிற்க மட்டும் தெரியவில்லை.

எவ்வளவு குளிர்கிறது என்பதைக் கையால் சொல்ல முடியாது. ஒயர் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதன் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்தேன். காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்ததுமே மாறிவிடும், தண்ணீர் அப்படி மாறாது. காலையில் 13 டிகிரி காட்டியது. 4, 5 இருக்க வேண்டிய இடம்.

அடுத்து கேஸ் சந்தேகம். கேஸ் குறைந்திருந்தால் ப்ரீசர் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் பனி பிடிக்கும், மீதி இடம் மொட்டையாக இருக்கும். ஆனால் பழைய ஐஸ் மூடியிருக்கும்போது அதைப் பார்க்க முடியாது. அது கேஸ் இருந்த காலத்தில் பிடித்ததாகவும் இருக்கலாம். அதனால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, பழைய வேட்டியைக் கீழே விரித்து ஒரு பகல் முழுக்கக் கரையவிட்டேன். மேல் தட்டில் இரண்டு விரல் கனம் ஐஸ். கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் உள்ளே விடவில்லை. ப்ரீசரின் சுவர் மெல்லிய அலுமினியம், அதற்குள்ளேதான் கேஸ் ஓடும் வழி. ஒரு குத்து விழுந்தால் 'புஸ்' என்று போய்விடும், அப்புறம் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். சுத்தமாகத் துடைத்து மறுபடி ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். நாலு பக்கமும் மெல்லிசாக, மாவு தூவியது போல ஒரே சீராகப் பனி. கேஸ் இருக்கிறது.

பிறகுதான் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். கம்பி வலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது மாதிரி பஞ்சு. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது. அதற்குப் பக்கத்தில் கையைக்கூட வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. இந்தச் சூடும் ஒரு தடயம்தான். கேஸ் குறைவு என்றால் இந்த வலை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நல்ல நிலையில் மேலே சூடாகவும் கீழே வர வர ஆறியும் இருக்கும். எங்களுடையது மேலிருந்து கீழ் வரை கொதித்தது. உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விட வழியில்லை, அதனால்தான் கம்ப்ரஸர் மூச்சு முட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, அது ஆறின பிறகு, பெயிண்ட் அடிக்கும் அகலப் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தேன். குறுக்கே இழுத்தால் மெல்லிய கம்பி வளையும். கம்ப்ரஸரைச் சுற்றிலும் அப்பியிருந்ததையும் எடுத்தேன். அரை முறம் பஞ்சு வந்தது. திரும்ப வைக்கும்போது சுவருக்கும் வலைக்கும் நடுவே ஒரு கை உள்ளே போகிற அளவு இடம் விட்டேன். மறுநாள் காலை டம்ளர் தண்ணீர் 9 டிகிரி. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் கம்ப்ரஸர் இன்னும் நிற்கவில்லை.

அதற்கு நாங்களே பாதிக் காரணம். கீழே குளிரவில்லை என்று வீட்டில் யாரோ குமிழை 7-க்குத் திருகி வைத்திருந்தார்கள். 7-க்கு வைத்தால் ஃபிரிட்ஜ் கூடுதல் பலத்தோடு குளிர்விக்காது. கம்ப்ரஸர் எவ்வளவு குளிர் வந்தபின் நிற்க வேண்டும் என்ற எல்லை மட்டும் இன்னும் கீழே போகும். சித்திரை வெயிலில், தூசி அடைத்த முதுகோடு, அந்த எல்லையை அதனால் எட்டவே முடியாது. எட்டாதவரை ஓடிக்கொண்டே இருக்கும், மேலே ஐஸ் கனத்துக்கொண்டே போகும். அந்த ஐஸ் போர்வை மாதிரி மூடிக்கொண்டு குளிரைக் கீழே இறங்க விடாது. கீழே குளிரவில்லை என்று நாம் மறுபடி குமிழைத் தொடுவோம். குமிழை 4-க்குக் கொண்டுவந்தேன்.

ஐஸ் அவ்வளவு சீக்கிரம் வளர ஈரக்காற்று எங்கிருந்தோ உள்ளே வர வேண்டுமே? கதவு ரப்பரைப் பார்த்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, சுற்றி வர ஒரு சாணுக்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. கீல் பக்கம் கீழ் மூலையில் மட்டும் நோட்டு தானாக நழுவி விழுந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் எரிகிற செல்போனை உள்ளே வைத்து மூடினால் அதே மூலையில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. அந்த இடத்துத் தகரத்தில் வியர்த்து வியர்த்துக் கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்ததை இத்தனை நாள் அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறோம்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, சுடுதண்ணீரில் முக்கிய துணியை ஒத்தி, அழுத்தம் விட்ட ரப்பரை இழுத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று நாள் தாங்கியது, பழையபடி படுத்துக்கொண்டது. கடைசியில் ஃபிரிட்ஜின் மாடல் நம்பரைக் காட்டிக் கோயமுத்தூரில் 650 ரூபாய்க்கு ரப்பர் வாங்கினேன். மடித்துச் சுருட்டிக் கொடுத்ததில் மடிப்பு மடிப்பாக இருந்தது. அப்படியே மாட்டினால் அந்த மடிப்பெல்லாம் புது ஓட்டையாகும். சுடுதண்ணீர் அண்டாவில் கொஞ்ச நேரம் போட்டு நேராக்கிய பிறகே மாட்டினேன். எங்களுடையதில் பள்ளத்தில் அழுத்தினாலே போதும். சிலதில் கதவின் உள்தகடு ஸ்குரூக்களைத் தளர்த்தித்தான் ரப்பரை மாற்ற வேண்டியிருக்கும். முன்பக்கக் கால்களையும் ஒரு சுற்று உயர்த்தினேன், கையை எடுத்தால் கதவு தானே சாத்திக்கொள்கிறது.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு அம்மா எழுந்துவந்து எழுப்பினார். "கரண்டு போயிருச்சா கண்ணு? ஃபிரிட்ஜுச் சத்தத்தையே காணமே." கரண்ட் இருந்தது. கம்ப்ரஸர்தான் நின்றிருந்தது.

காலையில் 5 டிகிரி. கடிகாரம் வைத்துப் பார்த்தால் சுமார் 20 நிமிடம் ஓடி, 20 நிமிடம் நின்றது. மத்தியான வெயிலில் ஓடும் நேரம் கொஞ்சம் கூடும், அது இயல்பு. இந்த அளவு ஃபிரிட்ஜ் ஓடும்போது 100 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட், பாதி நேரம் ஓடினால் 72. எங்கள் அடுத்த பில்லில் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே குறைந்தது.

ஈரோட்டில் இருக்கும் மச்சான் வீட்டு டபுள் டோருக்கு இதெல்லாம் சரிப்படவில்லை. அதில் எங்கள் கம்பி வலையின் வேலையைச் செய்யும் கண்டென்சர் பக்கவாட்டுச் சுவருக்குள் இருக்கிறது, துடைக்க எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் காற்றுக்கு இடம் விட்டால் போதும். அவர்களுக்கு ஐஸ் பிடித்தது ப்ரீசரின் பின்தகட்டுக்குப் பின்னால். ஒருநாள் முழுக்க அணைத்துத் திறந்து வைத்தால் நன்றாகக் குளிரும், பத்து நாளில் பழையபடி ஆகும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் ஐஸ் கரைக்கும் ஹீட்டரையோ அதன் சென்சாரையோ பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஹீட்டர்தான் போயிருந்தது.

எங்கள் ஃபிரிட்ஜ் இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. காற்றுக் காலத்தில் மாதம் ஒரு தரம் பிரஷ், மற்ற மாதங்களில் எப்போதாவது. ப்ரீசரில் பனி ஒரு பென்சில் கனத்தைத் தொட்டால் பொத்தானை அழுத்திவிடுகிறேன். இந்த ஆடியில் இழுத்துப் பார்த்தபோது மறுபடி ஒரு கைப்பிடி பஞ்சு இருந்தது. கீழ் மூலையில் நோட்டு இன்னும் பிடிக்கிறது, முன்பை விடக் கொஞ்சம் லேசாக.