64 ஜிபி போனில் இரண்டு வருட எடிட்டிங்: இடத்தைத் தின்றது கேஷ் இல்லை

என் போன் 64 ஜிபி. சிஸ்டமும் ஆப்களும் எடுத்தது போக, வீடியோவுக்கென்று கையில் நிற்பது 18 ஜிபி. மெமரி கார்டு போட வழியில்லை. இதிலேயே இரண்டு வருடமாக எட்டு, பத்து நிமிட வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் இடம் போதவில்லை என்றாலே கேஷை அழிப்பேன். 2 ஜிபி கிடைக்கும். மறுநாள் பிராஜெக்டைத் திறந்ததும் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடும். டைம்லைனில் தெரியும் குட்டிப் படங்கள், ஆடியோ அலைகள், பிரிவியூ எல்லாவற்றையும் ஆப் மறுபடி உருவாக்க வேண்டுமே! அதனால் இப்போது பிராஜெக்ட் முடிந்த பிறகுதான் கேஷில் கை வைக்கிறேன். ஆண்ட்ராய்டில் Clear cache பக்கத்திலேயே Clear storage இருக்கும். சில போன்களில் Clear data. அதைத் தொட்டால் ஆப்புக்குள் இருக்கும் பிராஜெக்டுகளும் சேர்ந்து போய்விடும். ஒருமுறை தொட்டுவிட்டு இரண்டு நாள் வேலையை இழந்தவன் நான்.

உண்மையில் இடத்தைத் தின்றது, ஒரே கிளிப் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்ததுதான். சில ஆப்கள் கேலரியில் உள்ள கிளிப்பை அங்கிருந்தே படிக்கும். சில ஆப்கள் சேர்த்த உடனே தனக்குள் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஆப் எந்த ரகம் என்று பார்ப்பது எளிது. செட்டிங்ஸில் அந்த ஆப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு பெரிய கிளிப்பைப் புதுப் பிராஜெக்டில் சேருங்கள். அப்புறம் மறுபடி பாருங்கள். ஏறக்குறைய கிளிப்பின் அளவுக்கே ஏறியிருந்தால் நகல் எடுக்கிற ரகம். உறுதி செய்ய, கிளிப்பைக் கேலரியின் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிட்டு பிராஜெக்டைத் திறந்து பாருங்கள். கிளிப் காணவில்லை என்று வந்தால் அது கேலரியை நம்பியிருக்கிறது; குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுவிடலாம். என் ஆப் இப்படிக் கேலரியை நம்பியிருக்கிற ரகம். எடிட் முடியும்வரை அசலைத் தொடக் கூடாது.

அப்படியென்றால் டைம்லைனுக்கு வரும் முன்பே கிளிப்பைச் சுருக்கியாக வேண்டும். போன மாத வீடியோவுக்கு 40 நிமிடம் படம்பிடித்தேன். 4கே தரத்தில் என் போன் நிமிடத்துக்குச் சுமார் 360 எம்பி எழுதும். அப்படி எடுத்திருந்தால் 14 ஜிபிக்கு மேல் ஆகியிருக்கும். 1080பி என்பதால் 5 ஜிபியில் முடிந்தது. அதிலும் தேவையானது 15 நிமிடம்தான். கேலரியிலேயே ஒவ்வொரு நீள கிளிப்பையும் வெட்டிப் புதுக் கோப்பாகச் சேமித்து, அசலை அழித்தேன். இரண்டு பக்கமும் இரண்டு விநாடி கூடுதலாக விடுவேன், ஏனென்றால் கேலரியின் வெட்டு எப்போதும் சொன்ன இடத்தில் விழாது. வெட்டிய கோப்பின் ரெசல்யூஷன் குறைந்திருக்கிறதா என்று முதல் கிளிப்பிலேயே பார்த்துவிடுங்கள். ஐபோனில் சாதாரணமாக டிரிம் செய்தால் அசல் உள்ளேயே பத்திரமாக இருக்கும், ஒரு எம்பி கூட மிஞ்சாது. அங்கேயும் புது கிளிப்பாகச் சேமித்துவிட்டு அசலை அழிக்க வேண்டும். கடைசியாகக் குப்பைத்தொட்டியைக் காலி செய்ய மறந்தால் இத்தனையும் வீண். அழித்தவை பெரும்பாலும் 30 நாள் அங்கேயே இடம் பிடித்திருக்கும்.

எக்ஸ்போர்ட்டில் பட்டது தனிக் கதை. ஒருமுறை 96 சதவீதத்தில் இடமில்லை என்று நின்றுவிட்டது. எழுதியவரை ஒரு கோப்பு இருந்தது, ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதற்கு முன் நின்றால் படம் இருந்தும் திறக்காது.

இப்போது எக்ஸ்போர்ட் பொத்தானைத் தொடும் முன் கணக்குப் போடுகிறேன். பிட்ரேட் 12 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 12 மெகாபிட் என்றால், எட்டால் வகுத்தால் விநாடிக்கு 1.5 எம்பி. எட்டு நிமிடம் என்பது 480 விநாடி, ஆக 720 எம்பி. சில ஆப்கள் முதலில் தனக்குள் எழுதிவிட்டுப் பிறகு கேலரிக்கு நகல் எடுக்கும் என்பதால் அந்த நேரத்தில் இரண்டு மடங்கு வேண்டும். நான் 2 ஜிபி காலியாக வைக்கிறேன். பாதியில் நின்ற எக்ஸ்போர்ட்டின் மிச்சம் ஆப்புக்குள் தங்கியிருக்கலாம். கேஷை நடுவில் அழிக்க எனக்கு இருக்கும் ஒரே காரணம் அதுதான்.

வேலை முடிந்ததும் கிளிப்புகளை ஓடிஜி பென் டிரைவுக்கு அனுப்பி, டிரைவிலிருந்தே இரண்டு மூன்றை ஓட்டிப் பார்த்த பிறகு போனில் அழிக்கிறேன். திரும்பக் கொண்டுவந்தால் என் ஆப் அவற்றைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கிறது. அதனால் எழுத்தும் பாட்டும் இல்லாத ஒரு எக்ஸ்போர்ட்டையும் எடுத்து வைக்கிறேன். தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை என்று யாராவது சொன்னால், அந்த 720 எம்பி கோப்பை வைத்தே திருத்திவிடலாம்.