ஒரே கிணறு, மூன்று வகைக் கேட்போர்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், கிணறுகள் கோடையில் ஏன் சவர்க்கின்றன என்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேச வேண்டியிருந்தது. முன்வரிசையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், நடுவில் தோட்டம் செய்து பழகிய முதியோர், பின்வரிசையில் நிலத்தடி நீரையே தொழிலாகக் கொண்ட சிலர் இருந்தார்கள். இத்தகைய சபைக்குப் பேச மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் வெவ்வேறு வேளைகளில் முயன்று பார்த்திருக்கிறேன்.

முதலாவது, எல்லோருக்கும் பொதுவாக எளிமைப்படுத்துவது. “நிலத்துக்குக் கீழே நன்னீர் மெத்தை ஒன்று கடல்நீரின் மேல் மிதக்கிறது” என்று சொல்லி அத்துடன் நிறுத்திக்கொண்டால் எவருக்கும் தொல்லையில்லை, எவருக்கும் பயனுமில்லை. எத்தனை அடி தடிப்பு என்று கேட்க நினைக்கும் பிள்ளைக்கும் அதில் விடை கிடையாது.

இரண்டாவது, நேரத்தைப் பங்கிடுவது. பிள்ளைகளுக்குக் கதை, முதியோருக்குப் பழைய துலாக்கால நினைவு, அறிஞர்களுக்கு வரைபடம் என்று பிரித்தால் ஒழுங்காகத்தான் தோன்றும். ஆனால் “இனிப் பெரியவர்களுக்கு” என்ற ஒரு சொல்லிலேயே முன்வரிசை கலைந்துவிடும். முதியோருக்கு நினைவு மட்டும், விளக்கம் பிறருக்கு என்ற பிரிப்பு, சொல்லாமல் சொல்லும் அவமதிப்பு. ஒவ்வொரு பகுதியும் தனி விடயமாக இருக்கும் இடத்தில் மட்டும் இம்முறை பொருந்தும்.

மூன்றாவது, எல்லோருடைய கண்ணும் ஒரே பொருளில் பதியும்படி வைத்து, அதிலிருந்து ஒரு கணக்கை எடுத்து, அக்கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்வது. இதையே நான் விரும்புகிறேன், ஆயத்தம் அதிகம் என்றாலும்.

ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் உப்பைக் கரைத்தால் கடல்நீர் அளவு உப்பு வரும். அதில் நீல மை சில துளி விட்டு, கண்ணாடிச் சாடியில் அரைவாசிக்கு ஊற்றி, கரண்டியின் முதுகில் வழியவிட்டு நன்னீரை மெதுவாகச் சேர்த்தால், தெளிந்த நீர் மேலேயும் நீலம் கீழேயும் நிற்கும். அவசரப்பட்டு ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். வீட்டில் ஒருமுறை செய்து பழகாமல் சபைக்குப் போகக்கூடாது.

அடுத்தது கணக்கு. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆதலால் கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 40 சென்ரிமீற்றர் நின்றால், கீழே அதன் நாற்பது மடங்கு, அதாவது 16 மீற்றர் நிற்கும். இறைப்பினால் மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நீடித்தால், அடியிலிருந்து உவர்நீர் 4 மீற்றர் ஏறும். பெருக்கலைப் பிள்ளைகளிடமே விட்டேன். “பத்துக்கு நானூறா?” என்று ஒரு சிறுமி ஐயத்தோடு கேட்டாள், நடு வரிசையில் அதற்குப் பிறகுதான் அசைவு தெரிந்தது.

முதியோரிடம் “உங்களுக்குத் தெரியுமா” என்று தொடங்குவது தவறு. “ஐயா, உங்கட கிணறு எந்த மாதத்தில சவர் தட்டும்?” என்று கேட்டேன். “ஆவணியில தட்டும், மாரி பெய்தால் தெளியும்” என்ற விடையைக் கரும்பலகையில் கணக்கின் பக்கத்திலேயே எழுதினேன், ஏனெனில் அது அலங்காரமன்று, அவதானிப்பு. நிலாவரைக் கிணற்றை இராமனோடு சேர்த்துச் சொல்லும் கதை வந்தபோது அதைத் திருத்தவில்லை; மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கும் கிணறு அது என்பதால், சாடியைக் காட்டி அங்கிருந்தே தொடர்ந்தேன்.

பின்வரிசைக்குரியது வரம்பு. இந்த நாற்பது மடங்கு, நீர் அசையாது நிற்கிறது என்றும் எல்லை கூர்மையானது என்றும் எடுத்துக்கொண்ட கணக்கு. நமது நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லோ வெடிப்பும் குகையும் நிறைந்தது. அங்கே எல்லை மங்கலான கலப்பு வலயமாக இருக்கும், சில இடங்களில் நீர் குழாயில் ஓடுவதுபோல் ஓடும். தனிக் கிணற்றில் வேகமாக இறைத்தால் உவர் கூம்பு வடிவில் கிளம்பும். சாடியில் அதைக் காட்ட முடியாது. இவ்வளவையும் பிள்ளைகளுக்கும் கேட்கும்படியே சொன்னேன். பொருளை முதலில் காட்டிப் பிறகு பெயரைச் சொன்னால் “கலப்பு வலயம்” என்ற சொல் ஒரு சிறுவனுக்குப் பாரமாக இருப்பதில்லை; பெயரிலிருந்து தொடங்கினால்தான் பாரம்.

இம்முறைக்கும் குறை உண்டு. வரம்பைச் சொன்னவுடன் அறிஞர் இருவர் தமக்குள் வாதிடத் தொடங்கினால் மண்டபம் கையைவிட்டுப் போகும். அன்றும் அப்படி நேர்ந்தது. வாதத்தை நிறுத்தவில்லை, அவர்களில் ஒருவரை முன்னே அழைத்து, சாடியில் எது பொய் என்று பிள்ளைகளுக்குக் காட்டும்படி கேட்டேன். அவர் நீலத்துக்கும் தெளிவுக்கும் இடையிலிருந்த கோட்டில் விரலை வைத்து, “இந்தக் கோடு நிலத்துக்குக் கீழே இவ்வளவு நேராக இல்லை” என்றார்.